டீச்சருக்குக் காபிப் பெட்டி, கூடவே நாலு வரி

அன்புள்ள தம்பிக்கு,

அறிவியல் டீச்சரின் பணி நிறைவுக்கு வகுப்பில் காசு சேர்த்துக் காபிப் பெட்டி கொடுக்க முடிவு செய்துவிட்டீர்கள். அதில் வைக்கும் அட்டையை எழுதுகிற வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. நீ எழுதியதைப் படித்தேன். “அறியாமை இருளகற்றிய அறிவுச் சுடரே! தங்கள் ஓய்வுக்காலம் இன்பமாய் அமைய வாழ்த்துகிறோம்!” பிழை ஒன்றுமில்லை. ஆனால் பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியருக்கும் இதை அப்படியே கொடுக்கலாம். மேடையில் மைக் பிடித்து வாசிக்கிற வாழ்த்துமடலின் நடை இது. உன் அட்டையையோ டீச்சர் வீட்டில், பெட்டியைப் பிரித்த கையோடு படிக்கப்போகிறார்.

உன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, சாத்தனூர்க் கல்மரம் பார்க்கப் போனது, அதுதான் அட்டைக்கு உரிய விஷயம். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரம் என்பது அங்கே போகிற எல்லோருக்கும் தெரியும். வேலியோரமாக நடந்து காலடியால் அளக்கச் சொல்லி, ஆளுக்கொரு கணக்குச் சொல்ல வைத்தவர் உங்கள் டீச்சர் மட்டுமே. இப்படி எழுதிப் பார்:

“மதிப்பிற்குரிய டீச்சருக்கு, வணக்கம். கல்மரத்தைக் காலடியால் அளந்து ஆளுக்கொரு கணக்குச் சொன்னோம். அளவுகோல் எதற்கு என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. இனி முதல் மணிக்கு ஓட வேண்டாம். இந்தக் காபியை ஆறுவதற்குள் குடியுங்கள்.”

கடைசி வரிதான் அட்டையைப் பெட்டியோடு சேர்க்கிறது. ஆசிரியர் அறையில் டம்ளரை வைத்துவிட்டு நம் சண்டையை விலக்க ஓடிவந்தவர்களுக்கு அது உடனே புரியும். “நன்றாக ஓய்வெடுங்கள்” என்று எழுதாதே. அறுபது வயதில் பலர் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். “தித்திக்கும் காபி” என்பதும் வேண்டாம், அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது.

காபி விவரத்தை அட்டையில் திணிக்காமல் தனித் துண்டுச்சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டு: அரைத்த தேதி, சிக்கரி எவ்வளவு சதவீதம் என்பது. தேதிதான் முக்கியம். அரைத்த தூள், அதுவும் நம் மே மாத வெயிலில், சில வாரங்களிலேயே மணம் இழந்துவிடும். பெட்டி அழகாயிருக்கிறதென்று அலமாரியில் வைத்துவிட்டால் டிகாஷன் சப்பென்றுதான் இறங்கும். அதனால் விழாவுக்கு முந்தின நாள் அரைத்து வாங்குங்கள். வீட்டில் பில்டர் இருக்கிறதா என்று டீச்சரின் தோழி யாரிடமாவது கேட்டுக்கொள். இல்லையென்றால் ஒரு சின்னப் பித்தளை பில்டரையும் சேர்த்துவிடலாம்.

கையெழுத்துக்கு ஜெல் பேனா வேண்டாம், ஈரக்கை பட்டால் கலைந்துவிடும். வெறும் “மாணவர்கள்” என்று முடிக்காமல் எல்லோர் பெயரையும் எழுதி, கீழே வகுப்பு, பிரிவு, ஆண்டு மூன்றையும் குறிப்பிடு. அவரிடம் படித்தவர்களில் உன் பெயர்க்காரர்களே பத்துப் பேராவது இருப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்