கரண்ட் பில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்ரீவராகம் வீடுகளில் கோடை முடிந்ததும் வரும் கே.எஸ்.இ.பி. பில், பலரையும் திகைக்க வைக்கிறது. இதைப் பற்றி நிலவும் மூன்று நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஃபிக்ஸட் சார்ஜ் என்பது மீட்டர் வாடகை.

உண்மை: அது கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் போன்ற கட்டமைப்பை எப்போதும் தயாராக வைத்திருப்பதற்கான கட்டணம். வீடு பூட்டிக் கிடந்தாலும் உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் வீடுகளுக்கு இதை நீக்கிவிட்டார்கள். அதனால் நாகர்கோவில் உறவினரின் பில்லோடு நம் பில்லை ஒப்பிட முடியாது. கேரளத்தில் வீட்டு யூனிட் கூடக்கூட இந்தக் கட்டணமும் உயரும். மூன்று ஃபேஸ் இணைப்புக்கு இன்னும் அதிகம்.

நம்பிக்கை: 40 யூனிட் கூடினால், அந்த 40 யூனிட்டுக்குத்தான் கூடுதல் பணம்.

உண்மை: மாதம் 250 யூனிட் வரை மட்டுமே அப்படி. 2025 ஏப்ரல் 1 முதல் வந்த விகிதத்தில், முதல் 50 யூனிட்டுக்கு 3.35 ரூபாய், அடுத்தடுத்த ஐம்பதுகளுக்கு 4.25, 5.35, 7.20, 8.50 ரூபாய். 250-ஐத் தாண்டினால் இந்தப் படிகள் இல்லை. 300 யூனிட் வரை, முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் 6.75 ரூபாய்.

இரண்டு மாதத்தில் 480 யூனிட் செலவழித்த வீட்டைப் பாருங்கள். மாதத்துக்கு 240, மின்கட்டணம் 2,695 ரூபாய். அடுத்த பில்லில் 520 யூனிட் என்றால் மாதத்துக்கு 260. சாதாரண மீட்டரில் கட்டணம் 3,510 ரூபாய். கூடிய 40 யூனிட்டுக்கு 815 ரூபாய்! ஃபிக்ஸட் சார்ஜும் மின்வரியும் இதற்கு மேல் ஏறும்.

நம்பிக்கை: யூனிட் திடீரென எகிறினால் மீட்டர் கோளாறுதான்.

உண்மை: முதலில் பில்லில் உள்ள இரண்டு ரீடிங் தேதிகளையும் பாருங்கள். மொத்த யூனிட்டை நாட்களால் வகுத்து, முந்தைய பில்லோடு ஒப்பிடுங்கள். வீடு பூட்டியிருந்ததால் போன முறை சராசரி பில் வந்திருந்தால், விடுபட்ட யூனிட் இப்போது சேர்ந்திருக்கலாம்.

அதுவும் இல்லையென்றால் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அப்போதும் மீட்டரின் சிவப்பு விளக்கு தொடர்ந்து மினுக்கினால், மீட்டரையோ அதை ஒட்டிய இணைப்பையோ சந்தேகிக்கலாம். நின்றுவிட்டால், எல்லாக் கருவிகளின் பிளக்கையும் கழற்றி, விளக்கு, விசிறி, மோட்டார் ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு மெயினைப் போடுங்கள். மீண்டும் மினுக்கினால் வீட்டு வயரிங்கில் கசிவு இருக்கலாம், எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மினுக்கவில்லையென்றால் கருவிகளைக் கவனியுங்கள். ஃபுட் வால்வு பழுதானால், தண்ணீர் ஏறாமலே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும்.

மீட்டர்மேல் சந்தேகம் நீங்காவிட்டால், செக்‌ஷன் ஆபீசில் கட்டணம் கட்டிப் பரிசோதனை கேளுங்கள். வாரம் ஒருமுறை ரீடிங்கைக் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்தில் 500-ஐ நெருங்குவது பில் வருமுன்பே தெரியும்.