பாடம் 7: நடந்தது என்ன? – விசாரித்தலும் அறிக்கை எழுதுதலும்

நுழையுமுன்

விபத்து ஒன்று நேர்ந்தவுடன் பெரும்பாலும் எழும் முதல் வினா, "யார் செய்தது?" என்பதாகும். அதற்கு விடை விரைவில் கிடைத்துவிடும். ஆனால் அவ்விடை அடுத்த விபத்தைத் தடுப்பதில்லை. வானூர்தி விபத்துகளை ஆராய்வதற்கான பன்னாட்டு விதிகள் சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பில் அமைந்துள்ளன. விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதே என்றும், பழி சுமத்துவது அதன் நோக்கமன்று என்றும் அவ்விணைப்பு கூறுகிறது. அந்நெறி ஒரு பள்ளியின் ஆய்வகத்திற்கும் எவ்வாறு பொருந்தும் என்பதை, எடுத்துக்காட்டாகப் புனையப்பட்ட ஒரு நிகழ்வின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

நிகழ்வு

நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. வேதியியல் ஆய்வகத்தில் பத்து மேசைகளிலும் ஸ்பிரிட் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முற்பகல் 10.45 மணியளவில், நான்காம் மேசையில் இருந்த மாணவி விளக்கு அணைந்துவிட்டதாகக் கூறினாள். ஆய்வக உதவியாளர் ஒரு லிட்டர் புட்டியைக் கொண்டுவந்து விளக்கில் ஸ்பிரிட்டை ஊற்றினார். உடனே தீப்பற்றியது. மாணவியின் வலப் புறங்கையில் சிறு தீக்காயம் ஏற்பட்டது. ஆசிரியை ஈரத்துணியால் தீயை மூடி அணைத்தார். கையை இருபது நிமிடம் ஓடும் குழாய்நீரில் வைத்திருந்த பின் மாணவி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டாள்.

அன்று நண்பகலுக்குள் பள்ளி முழுவதும் ஒரே பேச்சு: "உதவியாளரின் கவனக்குறைவு." அவர் ஒப்பந்தப் பணியாளர், ஒப்பந்தம் மார்ச் மாதத்தில் முடிகிறது. விசாரித்து அறிக்கை தருமாறு இயற்பியல் ஆசிரியை ஒருவரை முதல்வர் பணித்தார். அவர் அந்த ஆய்வகத்தோடு தொடர்பில்லாதவர். ஆகவே எவருக்கும் சார்பாக இருக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

கேட்பதற்கு முன்

ஆசிரியை முதலில் எவரையும் கேட்கவில்லை. மேசையைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விளக்கு, புட்டி, சன்னல், மேசை ஆகியவற்றை இருந்தவாறே படம் எடுத்தார். மனித நினைவு மாறக்கூடியது; பொருள்களோ அப்புறப்படுத்தும் வரை மாறுவதில்லை.

பின்னர், நேரில் கண்டவர்களை அன்றே, ஒவ்வொருவராகத் தனித்தனியே சந்தித்தார். பலரை ஒன்றாக அமர்த்தினால் முதலில் பேசுபவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும். காயமுற்ற மாணவியை மட்டும் மறுநாள், தாயார் உடனிருக்கச் சந்தித்தார்.

வினாவின் சொல் விடையை மாற்றும்

1974ஆம் ஆண்டில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்னும் உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கார்கள் மோதும் படம் ஒன்று மாணவர்களுக்குக் காட்டப்பட்டது. ஒரு குழுவினரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டனர். இன்னொரு குழுவினரிடம் "மோதி நொறுங்கியபோது" என்னும் பொருள்படும் சொல்லை இட்டுக் கேட்டனர். நொறுங்குதல் என்ற சொல்லைக் கேட்டவர்கள் கூடுதலான வேகத்தைக் கூறினர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று வினவியபோது, அக்குழுவின் ஐம்பது பேரில் 16 பேர் கண்டதாகக் கூறினர். மற்றக் குழுவின் ஐம்பது பேரில் 7 பேரே அவ்வாறு கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

ஆகவே, "விளக்கு எரிந்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்பவர், விடையைத் தம் வினாவிலேயே வைத்துவிடுகிறார். "ஏன் ஊற்றினீர்கள்?" என்னும் வினாவும் குற்றச்சாட்டாகவே செவியில் விழும், கேட்கப்பட்டவர் நடந்ததைச் சொல்லாமல் தம்மைக் காத்துக்கொள்ளவே முயல்வார். "என்ன", "எப்படி", "அதன் பின்" என்னும் சொற்கள் நினைவைத் திறக்கும்.

உதவியாளரோடு உரையாடல்

ஆசிரியை மேசைக்கு எதிரே அமராமல், உதவியாளரின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இட்டு அமர்ந்தார்.

"ஐயா, இது எப்படி நேர்ந்தது, மீண்டும் நேராமல் என்ன செய்யலாம் என்று அறிவதற்கே வந்திருக்கிறேன். அறிக்கையில் எவர் பெயரும் இராது. பொறுப்பு மட்டுமே இருக்கும். ஆனால் நடவடிக்கை எதுவும் வராது என்று உறுதியளிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை."

"எல்லாம் என் தவறுதான் அம்மா. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்."

இத்தகைய ஒப்புதல் கிடைத்தவுடன் பல விசாரணைகள் முடிந்துவிடுகின்றன. ஆசிரியை அதை எழுதிக்கொண்டார், ஆனால் நிறுத்தவில்லை. "தவறு" என்பது தீர்ப்பு, நிகழ்ச்சி அன்று.

"எழுதிக்கொண்டேன். அன்று காலை பள்ளிக்குள் நுழைந்ததிலிருந்து சொல்லுங்கள். சிறியது என்று எதையும் விட்டுவிட வேண்டாம்."

உதவியாளர் சிறிது நேரம் பேசவில்லை. ஆசிரியையும் காத்திருந்தார். அந்த மௌனத்திற்குப் பிறகு வந்தது முக்கியமான செய்தி.

"எப்போதும் வகுப்புக்கு முன்பே விளக்குகளை நிரப்பிவிடுவேன். அன்று ஸ்பிரிட் இருக்கும் அறையின் சாவி கிடைக்கவில்லை. சாவி அலுவலகத்தில் இருக்கும். 10.25க்குத்தான் கைக்கு வந்தது. அதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது."

"அதன் பின்?"

"விளக்குகளில் பழைய ஸ்பிரிட் கொஞ்சம் இருந்தது. தீரத் தீர ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான்காம் மேசைக்கு வந்தபோது சுடர் தெரியவில்லை."

ஆசிரியை குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். பின்னரே ஐயங்களைக் கேட்டு, நின்ற இடத்தைத் தாளில் வரையச் சொன்னார். இறுதியில் தாம் எழுதியதைப் படித்துக் காட்டித் திருத்தம் கேட்டுக் கையொப்பம் பெற்றார்.

கூற்றுகள் முரண்படும்போது

வேதியியல் ஆசிரியை, "எரியும் விளக்கில் உதவியாளர் ஊற்றினார்" என்றார். "நீங்கள் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது?" என்று கேட்டபோது, தாம் ஒன்பதாம் மேசையில் முதுகு காட்டி நின்றதாகவும், ஓசை கேட்டே திரும்பியதாகவும் கூறினார். அவர் கண்டது தீயை மட்டுமே, ஊற்றியதை ஊகித்தார். அவர் பொய் சொல்லவில்லை. கண்டதற்கும் ஊகித்ததற்கும் இடையிலுள்ள கோடு அவருக்கே தெரியாமல் மறைந்திருந்தது.

விளக்கு அணைந்திருந்தது என்று மாணவி கூறினாள். திரியருகே வெப்பத்தை உணர்ந்ததாக அவளுடைய தோழி கூறினாள். இருவருள் ஒருவர் பொய் கூறுகிறார் என்று ஆசிரியை முடிவு செய்யவில்லை. மறுநாள் அதே நேரத்தில், ஆய்வகத்தில் வேறு எவரும் இல்லாதபோது, அதே மேசையில் ஒரு விளக்கை ஏற்றிப் பார்த்தார். தெற்குச் சன்னல் வழியே வெயில் நேராக மேசைமீது விழுந்தது. நின்ற நிலையில் பார்த்தபோது சுடர் ஏறக்குறையப் புலப்படவே இல்லை. ஸ்பிரிட்டின் சுடர் வெளிர்நீலமானது. நல்ல வெளிச்சத்தில் அது கண்ணுக்கு எளிதில் தென்படாது. இரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும். "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுவதில்லை.

அறிக்கையின் மொழி

பழி சுமத்தாமல் எழுதுவது என்றால் செய்தவரை மறைத்து எழுதுவது என்று பொருளன்று. பின்வரும் மூன்று தொடர்களை ஒப்பிடுக.

அ) விளக்கில் ஸ்பிரிட் ஊற்றப்பட்டது.
ஆ) உதவியாளர் கவனமின்றி விளக்கில் ஸ்பிரிட்டை ஊற்றினார்.
இ) உதவியாளர் ஒரு லிட்டர் புட்டியிலிருந்து நேரடியாக விளக்கில் ஸ்பிரிட்டை ஊற்றினார்.

முதல் தொடரின் செயப்பாட்டுவினை செய்தவரை மறைக்கிறது, படிப்பவர் மீண்டும் "யார்?" என்று கேட்பார். இரண்டாம் தொடரில் "கவனமின்றி" என்பது எவரும் கண்ட செய்தியன்று, எழுதுபவரின் தீர்ப்பு. மூன்றாம் தொடர் யார், என்ன, எதைக் கொண்டு என்பதைக் கூறி நிற்கிறது. அதுவே அறிக்கைக்கு உரியது.

அவ்வாறே, "சாவி தாமதமாக வந்ததாம்" என்பதிலுள்ள "ஆம்" என்னும் இடைச்சொல், செய்தி பிறர் வாய்க் கேட்டது என்று காட்டும். எவர் வாய்க் கேட்டது என்று காட்டாது. "சாவி 10.25 மணிக்குக் கிடைத்தது என்று உதவியாளர் கூறினார், அலுவலகப் பதிவேடும் அதையே காட்டுகிறது" என எழுதினால் கூற்றும் சான்றும் தனித்தனியே விளங்கும்.

மாதிரி அறிக்கை (சுருக்கம்)

நிகழ்ந்தது: திங்கட்கிழமை 10.45 மணியளவில், நான்காம் மேசையில், உதவியாளர் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றியபோது தீப்பற்றியது. மாணவி ஒருவருக்கு வலப் புறங்கையில் தீக்காயம்.

கண்டறிந்தவை: (1) 10.45 மணியளவில் நான்காம் மேசையில் நேர் வெயில் விழுகிறது. அவ்வொளியில் சுடர் புலப்படுவது அரிது. (2) வகுப்பின்போது விளக்கை நிரப்பக்கூடாது என்னும் எழுத்து விதி ஆய்வகத்தில் இல்லை. (3) அன்று சாவி 10.25 மணிக்குக் கிடைத்தது, வகுப்பு 10.20 மணிக்குத் தொடங்கியது.

ஊகம்: விளக்கு முழுவதும் அணையாதிருக்கலாம். ஆயினும், அணைந்த திரியின் வெப்பமோ அருகிலிருந்த வேறு சுடரோ காரணமா என்பது உறுதிப்படவில்லை.

பரிந்துரை: (1) விளக்குகளை வகுப்புக்கு முன்பே, குளிர்ந்த நிலையில் நிரப்புதல், வகுப்பில் நிரப்புவதற்கு மாறாக, நிரப்பிய இரு விளக்குகளைக் கூடுதலாக வைத்திருத்தல் – பொறுப்பு: வேதியியல் துறை. (2) சாவியின் இன்னொரு படியை ஆய்வகப் பொறுப்பாளரிடம் அளித்தல் – பொறுப்பு: அலுவலகம். (3) தெற்குச் சன்னலுக்குத் திரை இடுதல் – பொறுப்பு: அலுவலகம். மூன்றும் பதினைந்து நாள்களுக்குள்.

"இனி அனைவரும் கவனமாக இருக்க வேண்டும்" என்னும் வரி இப்பரிந்துரையில் இல்லை. உதவியாளர் அன்றும் தம்மளவில் கவனமாகவே இருந்தார். சுடர் அவருக்குத் தெரியவில்லை. வெறும் அறிவுரை வெயிலையும் மாற்றாது, சாவியையும் கொண்டுவராது.

சொற்பொருள்

கூற்று – ஒருவர் சொன்னது
ஊகம் – நேரில் காணாமல் உய்த்துணர்ந்தது
பரிந்துரை – செய்யுமாறு முன்மொழிதல்
புலப்படுதல் – கண்ணுக்குத் தெரிதல்

பயிற்சி

1. பின்வருவனவற்றைக் காட்சி, கூற்று, ஊகம், தீர்ப்பு என வகைப்படுத்துக.
அ) புட்டியில் பாதியளவு ஸ்பிரிட் எஞ்சியிருந்தது.
ஆ) விளக்கு அணைந்திருந்தது என்று மாணவி கூறினாள்.
இ) உதவியாளர் அவசரக்காரர்.
ஈ) திரி இன்னும் சூடாக இருந்திருக்கலாம்.

2. "கண்ணாடிக் குவளையை நீதானே உடைத்தாய்?" என்னும் வினாவை, விடையைத் தன்னுள் வைத்திராத வினாவாக மாற்றி எழுதுக.

3. "மாணவன் ஓடிவந்து வேண்டுமென்றே கதவை மோதினானாம்" என்னும் தொடரை அறிக்கைக்கு ஏற்றவாறு திருத்துக. நீக்கிய சொற்களையும் நீக்கியதற்கான காரணத்தையும் குறிப்பிடுக.

4. உதவியாளர் "என் தவறுதான்" என்றவுடன் விசாரணை முடிந்திருந்தால், அறிக்கையில் எந்தெந்தச் செய்திகள் இடம்பெறாமல் போயிருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.