கண்ணீரும் கணக்கும்: நன்கொடை வீடியோவில் எதைச் சொல்வது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களில் கண்புரை முகாம் நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்று நன்கொடை கேட்டு இரண்டு நிமிட வீடியோ எடுக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் இத்தகைய உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்தே முகாம் நடத்துகின்றன. ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்ததும் நான்கு நம்பிக்கைகள் குறுக்கே வரும்.

நம்பிக்கை 1: எண்களைச் சொன்னால் மனம் இளகாது.

உண்மை: இதற்குப் பின்னால் ஓர் ஆய்வு உண்டு. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கையில் 5 டாலர் இருந்தவர்கள் ஒரு சிறுமியின் கதையை மட்டும் படித்தபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 தான் கொடுத்தார்கள். ஆனால் அந்த எண்கள் லட்சக்கணக்கானோரின் பசியைப் பற்றியவை. 'நான் கொடுத்து என்ன ஆகப்போகிறது' என்ற மலைப்பை அவை உண்டாக்கக்கூடும். 'இந்த ஒருவருக்கு உங்கள் பணம் இதைச் செய்யும்' என்று சொல்லும் எண் வேறு வகை. நாட்டில் எத்தனை பேருக்குக் கண்புரை என்பதை விட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஆகும் செலவைச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 2: அறுவை சிகிச்சைதான் இலவசமாயிற்றே, பணம் எதற்கு?

உண்மை: இலவசம் என்றதும் எல்லாரும் வந்துவிடுவதில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியக் கிராமங்களில் கண் கோளாறு உள்ளவர்களில் 100க்கு 7 பேர் அளவில்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். பயம், கைச்செலவு, வீட்டுப் பொறுப்பு எல்லாம் தடையாக நின்றன. மம்சாபுரத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கு மதுரை மிகத் தொலைவு. துணைக்கு வரும் மகனுக்கு அன்றைய கூலி போகும். வீடியோவின் உணர்ச்சி இங்கேதான் இருக்கிறது. 'இருளில் வாடும் உயிர்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'கூட்டிப் போக ஆளில்லாமல் இரண்டு முகாம்களைத் தவறவிட்டவர்' என்பது நேராக மனசைத் தொடும்.

நம்பிக்கை 3: '750 ரூபாய் கொடுங்கள், ஒருவருக்குப் பார்வை கொடுங்கள்' என்பதே வலுவான வரி.

உண்மை: கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. நோட்டீஸ், ஆட்டோவில் மைக் அறிவிப்பு, பந்தல், வேன், வீடு தேடிப் போய் அழைத்து வருவது என ஒரு முகாமுக்கு 24,000 ரூபாய் ஆகிறது. 300 பேரைப் பரிசோதித்து, 40 பேருக்கு அறுவை சிகிச்சை தேவை என்கிறார்கள். அதில் 32 பேர் போய்ச் செய்துகொள்கிறார்கள். 24,000ஐ 32ஆல் வகுத்தால் 750. 40ஆல் வகுத்து 600 என்று சொன்னால் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் போகாத 8 பேரும் பலன் பெற்றதாக ஆகிவிடும். தவிர, இந்த 750 ரூபாய் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவுதான். லென்ஸ், மருத்துவர், தியேட்டர் எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. அறுவை செய்த எல்லாருக்கும் முழுப் பார்வை வரும் என்றும் சொல்லக் கூடாது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்தாலோ, கண் அழுத்த நோயால் நரம்பு பாதித்திருந்தாலோ, புரையை எடுத்தாலும் இழந்த அந்தப் பார்வை திரும்பாது.

அதனால் வரி இப்படி அமையலாம்: "ஒருவரை வீட்டிலிருந்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்ச் சேர்க்க எங்களுக்கு 750 ரூபாய் ஆகிறது. சிகிச்சையை மருத்துவமனை இலவசமாகச் செய்கிறது. போன முகாமில் தேர்வான 8 பேர் அறுவை சிகிச்சைக்கு வரவில்லை; அவர்களைத் தேடி மறுபடி போகிறோம்." தோல்வியைச் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியமே முன்னால் சொன்னதை நம்பவைக்கும். பணம் எதற்குத் தேவை என்பதையும் அதுவே காட்டிவிடும்.

நம்பிக்கை 4: அழும் முகம் இருந்தால்தான் பணம் வரும். நாலு பேர் கதையை ஒன்றாக்கினாலும் தப்பில்லை.

உண்மை: சோக முகத்துக்குக் கொடை கூடும் என்று ஆய்வுகள் சொல்வது மெய்தான். ஆனால் அந்த முகத்துக்கு உரியவர் அதே ஊரில்தான் நாளைக்கும் நடமாட வேண்டும். துயருற்றவர்களைக் கதியற்ற பொருளாகக் காட்டாமல் கண்ணியமுள்ள மனிதராகக் காட்ட வேண்டும் என்று செஞ்சிலுவை இயக்கத்தின் 1994 நடத்தை விதிகள் சொல்கின்றன. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவர் ஒருவரைக் காட்டுவதென்றால், நூல் அறுந்தது தெரியாமல் தறியை நிறுத்த வேண்டியிருந்ததை அவரே தன் வாயால் சொல்லட்டும். அப்படி ஒருவர் உண்மையில் இருக்க வேண்டும். நாலு பேரை ஒன்றாக்கினால், ஊர்க்காரர் ஒருவர் 'அது யார்?' என்று கேட்டதும் பதில் இருக்காது.

சம்மதத்தை அறுவைக்கு முன் கேட்காதீர்கள். மறுத்தால் சிகிச்சை கிடைக்காதோ என்ற பயத்தில் தலையாட்டிவிடுவார். கண் தெளிந்த பிறகு கேளுங்கள். எடுத்து முடித்த வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டி, 'இதை எல்லாரும் பார்க்கலாமா?' என்று இன்னொரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால், அவர் குரலும் முகமும் இல்லாமல் தறியையும் வேனையும் வைத்தே படத்தை முடிக்கலாம்.