காற்றும் எடையும்: மெல்லெஃகுச் சட்டக வீடு

நுழையும்முன்

கனமான வீடே உறுதியான வீடு என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. மெல்லிய எஃகுத் தகட்டால் எழுப்பப்படும் சிறுவீடுகள் அவ்வெண்ணத்தை ஆராயத் தூண்டுகின்றன. எடை ஒரு வீட்டுக்குச் செய்யும் உதவி யாது, எடை குறையும்போது அவ்வுதவியை ஈடுசெய்வது எவ்வாறு என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இருவகைச் சட்டகங்கள்

கான்கிரீட் வீட்டில் தூண்களும் உத்திரங்களும் சேர்ந்து சட்டகமாக நின்று சுமையைத் தாங்குகின்றன. கம்பி கட்டி, பலகை அடைத்து, கலவை ஊற்றி, பல நாள் நீராற்ற வேண்டும். கலவையின் வலிமை 28 நாள் கணக்கில் மதிப்பிடப்படுகிறது.

மெல்லெஃகு வீட்டின் சட்டங்களோ தொழிற்சாலையிலேயே உருவாகின்றன. துத்தநாகம் பூசிய, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு, சூடேற்றப்படாமலேயே உருளைகளுக்கிடையே செலுத்தப்பட்டுச் சட்டமாக மடிக்கப்படுகிறது. இச்சட்டங்களைத் திருகாணிகளால் இணைத்துச் சுவர்ச்சட்டகம் அமைக்கின்றனர். பற்றவைத்தால் துத்தநாகப் பூச்சு எரிந்து, அவ்விடத்தில் துரு தொடங்கும். எனவே திருகாணியே ஏற்றது.

மடிப்பில் பிறக்கும் வலிமை

ஒரு தாளை நிமிர்த்தி நிறுத்தினால் சாய்ந்துவிடும். அதையே மடித்து நிறுத்தினால் நிற்கும். மெல்லெஃகின் வலிமையும் இத்தகையதே. தகட்டின் இரு பக்கங்களை மடித்து, அவற்றின் விளிம்புகளை மீண்டும் உள்நோக்கி மடிக்கின்றனர். அச்சிறு மடிப்பு இல்லையெனில், எஃகு தன் முழு வலிமையைக் காட்டுவதற்கு முன்பே விளிம்பு நெளிந்துவிடும். குழாய் பதிக்கும்போது சட்டத்தின் விளிம்பை வெட்டுவது பெரும்பிழையாவது இதனால்தான். குழாய்களுக்கான துளைகள் சட்டத்தின் நடுப்பகுதியில் தொழிற்சாலையிலேயே இடப்படுகின்றன.

கூரையைத் தூக்கும் காற்று

எடை குறைந்த கட்டடத்தை நிலநடுக்கம் குறைந்த விசையுடனேயே உலுக்கும். ஏனெனில் அவ்விசை கட்டடத்தின் நிறையைப் பொறுத்தது. காற்றின் செயலோ வேறு. வீசும் காற்று கூரையின்மேல் உறிஞ்சுவிசையை உண்டாக்கி, அதனை மேல்நோக்கி இழுக்கிறது.

சென்னையில் 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உடைய ஒரு சிறுவீட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் கூரைப் பரப்பு 30 சதுர மீட்டர். இந்தியத் தரநிலைப்படி சென்னைக்குரிய அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். வேகத்தின் வருக்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் காற்றழுத்தம் கிடைக்கும்.

0.6 × 50 × 50 = 1500 நியூட்டன்

அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு ஈடான விசை. கூரையின் வடிவத்துக்கேற்ப இது மாறும், ஓரங்களில் மிகும். எளிமைக்காக, கூரை முழுவதும் இதே அளவு மேல்நோக்கிய இழுப்பு எனக் கொள்ளலாம்.

12 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 300 கிலோ. காற்றின் இழுப்பைவிட அது இருமடங்கு. ஆதலால் தளம் தன் எடையாலேயே அமர்ந்திருக்கும். தகரமும் எஃகுச் சட்டமும் ஜிப்சம் பலகையும் சேர்ந்த கூரையின் எடை சதுர மீட்டருக்கு 40 கிலோ எனக் கொண்டால், எஞ்சும் இழுப்பு 110 கிலோ. முப்பது சதுர மீட்டருக்கும் சேர்த்து அது 3300 கிலோ ஆகிறது. கான்கிரீட் வீட்டில் எடை ஆற்றிய பணியை இங்கே பிணைப்புகள் ஆற்றியாக வேண்டும்.

அறுபடாத சங்கிலி

கூரையிலிருந்து சுவரின் மேற்சட்டம், நிலைச்சட்டம், அடிச்சட்டம், நங்கூர போல்ட், அடித்தளம் என இழுவிசை படிப்படியாக மண்ணுக்கு இறங்குகிறது. மேற்கண்ட வீட்டில் 12 போல்ட்டுகள் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வொன்றும் 275 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். பாதுகாப்புக்காக இதைவிடக் கூடுதல் வலிமையுடன் வடிவமைப்பர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஏனையவை பயனற்றுப் போகும். கூரையைச் சுவருடன் பிணைக்கும் பட்டை விடுபட்டிருத்தல், போல்ட்டின் மரை தளர்ந்திருத்தல், அடிச்சட்டத்துக்கும் தளத்துக்கும் இடையே இடைவெளி தோன்றுதல் ஆகியவை கண்ணாற் காணத்தக்க அறிகுறிகள். சுவர்ப் பலகை பொருத்தியபின் இவற்றுட் பல மறைந்துவிடும். ஆகவே அதற்கு முன்பே சோதித்தல் வேண்டும்.

எல்லைகள்

ஆயிரம் லிட்டர் நீர்த்தொட்டி நிறைந்தால் நீரின் எடை மட்டும் ஒரு டன். மொட்டை மாடியில் தொட்டி வைப்பதும், பின்னாளில் மாடி எழுப்புவதும் நம் வழக்கம். மெல்லெஃகு வீட்டில் இவற்றைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டாலன்றி இயலாது. மெல்லிய தகடு தீயில் விரைந்து சூடேறி வலிமை இழக்கும். ஜிப்சம் பலகை உறையாக நின்று அதனைத் தாமதப்படுத்துகிறது. அடிச்சட்டத்தின்கீழ் ஈரத்தடுப்புத் தாள் இல்லையெனில் நாளடைவில் துருவேறும். கடற்கரையில் கான்கிரீட்டுக்கும் துருவின் இடர் உண்டு. உப்பு ஊடுருவினால் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, காரையைப் பிளந்துவிடும்.

மண் இளகிய இடத்திலும் விரைவில் முடிக்கவேண்டிய பணியிலும் மெல்லெஃகு பொருந்தும். மாடிமேல் மாடி எழுப்ப எண்ணுவோர்க்குக் கான்கிரீட் ஏற்றது. எதுவாயினும், கூரையைத் தரையோடு பிணைத்திருப்பது எது என்பதே வீடு கட்டுவோர் முதலில் கேட்கவேண்டிய வினா.

கற்பவை கற்றபின்

மதுரைக்குரிய அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 39 மீட்டர். பாடத்தில் கண்ட அதே வீடு அங்கே அமைந்தால், ஒவ்வொரு போல்ட்டும் தாங்கவேண்டிய இழுப்பைக் கணக்கிட்டு, சென்னையுடன் ஒப்பிடுக.