தற்காப்புரிமை: தொடக்கமும் அளவும் முடிவும்

நுழையும்முன்

பிறரை அடித்துக் காயப்படுத்துவது குற்றம். ஆனால், தன்னைத் தாக்க வருபவரைத் தடுப்பதற்காக அடிக்க நேர்ந்தால், அச்செயல் குற்றமாவதில்லை. ஒரே சண்டையில், ஒரே கை, ஒரே கருவியால் அடித்த இரண்டு அடிகளுள் ஒன்று உரிமையாகவும் மற்றொன்று குற்றமாகவும் கருதப்படலாம். அவற்றைச் சட்டம் எவ்வாறு பிரித்தறிகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சட்டம் கூறுவது

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், தற்காப்புரிமையை 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் வகுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக அமைந்துள்ளன. ஒருவர் தம் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும் காக்கலாம், உடைமையையும் காக்கலாம். இங்கு உடலைக் காக்கும் உரிமை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வுரிமை மூன்று வினாக்களால் அளக்கப்படுகிறது. ஆபத்து உடனடியானதா? எதிர்த்து அடிப்பது தேவையாக இருந்ததா? அடித்த அளவு ஆபத்தின் அளவுக்குப் பொருந்தியதா?

இவ்வினாக்களைப் புரிந்துகொள்ளக் கற்பனையான நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம்.

கடைத்தெருவில் ஒரு நிகழ்ச்சி

பழக்கடை வைத்திருப்பவர் ஒருவரிடம், கடன் தகராறு காரணமாக ஒருவர் வந்து வாய்ச்சண்டை இடுகிறார். “நாளைக்கு வந்து உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்” என்று மிரட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் மாலை, உருட்டுக்கட்டையை ஓங்கியபடி கடையை நோக்கி ஓடி வருகிறார். நான்கைந்து அடி தொலைவில் அவர் இருக்கும்போதே, கடைக்காரர் கடைக்கதவை இழுக்கும் இரும்புக் கம்பியை எடுத்து அவருடைய மணிக்கட்டில் அடிக்கிறார். கட்டை கீழே விழுகிறது. வந்தவர் குனிந்து அதை எடுக்க முயல, கடைக்காரர் தோளில் இரண்டாவது அடி கொடுக்கிறார். வந்தவர் கட்டையை விட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறார். கடைக்காரர் துரத்திச் சென்று, பின்னாலிருந்து காலில் அடிக்க, எலும்பு முறிகிறது.

ஆக, அடிகள் மூன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

உடனடித்தன்மை

முதல் நாள் மிரட்டலுக்காகக் கடைக்காரர் அன்றே அவரை அடித்திருந்தால், அது தற்காப்பு ஆகியிராது. வெறும் சொற்கள் மட்டுமே தாக்க முனைதல் ஆகா என்பது சட்டத்தின் நிலை. மேலும், நாளை வரக்கூடிய ஆபத்துக்கு இன்று காவல் நிலையம் இருக்கிறது. அரசு அலுவலரின் பாதுகாப்பை நாடப் போதிய நேரம் இருக்கும்போது தற்காப்புரிமை இல்லை என்று 37ஆம் பிரிவு கூறுகிறது.

மறுநாள் நிலை வேறு. கட்டை ஓங்கப்பட்டுவிட்டது, காவலரை அழைக்க நேரமில்லை. அந்த அடி தம்மீது விழும்வரை கடைக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. முயற்சியாலோ மிரட்டலாலோ உடலுக்கு ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் தோன்றிய உடனே உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கிறது. 40ஆம் பிரிவின் சாரம் இதுவே. ‘நியாயமான’ என்னும் சொல் இங்கு முதன்மையானது. அச்சம் மனத்தில் தோன்றினால் மட்டும் போதாது. அச்சூழலில் இருக்கும் இயல்பான மனிதர் எவருக்கும் தோன்றக்கூடியதாக அது இருத்தல் வேண்டும்.

தேவையும் அளவும்

காத்துக்கொள்வதற்குத் தேவையான தீங்கைவிட மிகுதியான தீங்கு செய்ய உரிமை இல்லை என்பதும் 37ஆம் பிரிவில் அடங்கும். எனினும், தாக்கப்படுபவர் கோழையைப்போல் ஓடித் தப்ப வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. நின்று எதிர்க்கலாம், ஆனால் அளவறிந்து எதிர்க்க வேண்டும்.

அளவு என்பது கருவிக்குக் கருவி சமமாக இருக்க வேண்டும் என்பதன்று. தேவ் நாராயண் எதிர் உத்தரப்பிரதேச மாநிலம் என்னும் வழக்கு இதற்குச் சான்றாகும். நிலத்தகராறில் எதிர்த்தரப்பினர் தடிகளுடன் வந்து தாக்க, தலையில் அடிபட்டவர் ஈட்டியால் குத்தினார், ஒருவர் இறந்தார். தடிக்கு எதிராக ஈட்டியைப் பயன்படுத்தியது எல்லை மீறல் என்று உயர்நீதிமன்றம் கருதியது. உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலை உயிர்நிலையான உறுப்பு. அதன்மீது தடியால் அடித்தாலும் உயிர் போகலாம். ஆகவே, ஈட்டியைப் பயன்படுத்தியதனால் மட்டுமே எல்லை மீறியதாகக் கொள்ள முடியாது என்று கூறி அவரை விடுவித்தது. ஆபத்தின் நடுவே இருப்பவர் தம் அடியைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்க்க இயலாது என்பதும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கருத்தாகும்.

கடைத்தெருவில், மணிக்கட்டில் விழுந்த முதல் அடி ஆயுதத்தை வீழ்த்தும் அளவிலேயே நின்றது. இரண்டாவது அடியும் பொருந்தும்; ஏனெனில், கீழே விழுந்த கட்டையை மீண்டும் எடுக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆயுதம் கையை விட்டு நழுவியதாலேயே ஆபத்து முடிந்ததென்று ஆகாது.

உரிமையின் முடிவு

மூன்றாவது அடியின் நிலை என்ன? வந்தவர் கட்டையை விட்டு ஓடினார். அச்சம் நீங்கியது, அதனோடு உரிமையும் முடிந்தது. ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் மாநிலம் என்னும் வழக்கிலும் இதே நெறி கூறப்பட்டது. வயல் தகராறில் தொடக்கத்தில் தற்காப்புரிமை இருந்தது உண்மையே. ஆயினும், ஆபத்து நீங்கி எதிர்த்தரப்பினர் ஓடத் தொடங்கிய பின் சுட்டது அவ்வுரிமையில் அடங்காது என்று உச்சநீதிமன்றம் தீர்மானித்தது.

எலும்பு முறிவு, சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம் ஆகும். அதனை வேண்டுமென்றே விளைவிப்பவருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 117ஆம் பிரிவு இடமளிக்கிறது. முதலிரண்டு அடிகளுக்குக் காப்பாக நின்ற சட்டமே மூன்றாவது அடிக்குக் கணக்குக் கேட்கிறது. தாக்கியவருக்குத் தண்டனை வழங்குவது நீதிமன்றத்தின் பணி. தாக்கப்பட்டவரின் பணி அன்று.

மெய்ப்பிக்கும் வழி

தாம் தற்காப்புக்காகவே அடித்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். ஆனால், அரசுத்தரப்பைப்போல் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறு நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். அரசுத்தரப்புச் சாட்சிகளின் கூற்றிலிருந்தும் அதனை நிறுவலாம்.

காயங்கள் பல உண்மைகளைச் சொல்லும். மணிக்கட்டிலும் தோளிலும் உள்ள காயங்கள் நேருக்குநேர் நின்றதைக் காட்டும். காலின் பின்புறக் காயம் துரத்தியதைக் காட்டும். கட்டை கடைவாயிலில் கிடக்க, குருதிக்கறை தெருக்கோடியில் இருக்குமானால், கடைசி அடி எப்போது விழுந்தது என்பது விளங்கும். ஆகவே, சண்டை முழுவதையும் ஒரே நிகழ்ச்சியாகக் கொள்ளாது, ஒவ்வொரு அடியும் விழுந்த கணத்தில் ஆபத்து இருந்ததா என்று நீதிமன்றம் ஆராய்கிறது.

கற்பவை கற்றபின்…

1. வந்தவர் ஓடியது உயிர் தப்புவதற்கன்று, சற்றுத் தொலைவில் நிறுத்திய வண்டியிலிருந்து அரிவாளை எடுப்பதற்கே எனக் கொள்க. மூன்றாவது அடி பற்றிய முடிவு மாறுமா? காரணம் காட்டி எழுதுக.

2. கடைக்காரருக்குப் பதிலாக, அருகிலிருந்த பூ வியாபாரி முதல் அடியை அடித்திருந்தால், அவருக்குத் தற்காப்புரிமை உண்டா? விளக்குக.