கரப்பான் ஏன் ஜெல்லைக் கண்டால் ஒதுங்குகிறது?

சமையற்கட்டு மூலைகளில் சிரிஞ்சால் பொட்டுப் பொட்டாக வைக்கும் கரப்பான் ஜெல்லைப் பார்த்திருப்பீர்கள். முதல் தடவை வைத்தால், காலையில் கூட்டிப் பெருக்கும் அளவுக்குச் செத்துக் கிடக்கும். பல தடவை வைத்த பிறகோ, பொட்டு வைத்தபடியே காய்ந்து கிடக்கும். பக்கத்திலேயே கரப்பான் ஜாலியாக உலாவும். "மருந்து போலிப்பா!" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல சமயம் மாறிப்போனது மருந்து அல்ல, கரப்பான் கூட்டம்தான்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து அடுக்குமாடி வீடுகளில் 1980-களில் இதே கதை நடந்தது. விஷ இரை வைத்தும் கரப்பான் குறையவில்லை. ஜூல்ஸ் சில்வர்மன் என்ற விஞ்ஞானி அந்தக் கரப்பான்களைப் பிடித்து வந்து, இரையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாக வைத்துப் பார்த்தார். அவை வெறுத்தது விஷத்தை அல்ல, இனிப்புக்காகச் சேர்த்த குளுக்கோஸை! பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸைத் தின்றன. இரையையே பார்த்திராத குஞ்சுகளும் குளுக்கோஸைத் தொடவில்லை. ஆக, இது அனுபவத்தில் கற்ற பாடமல்ல, பரம்பரைக் குணம்.

எப்படி வந்தது? பெரிய கூட்டத்தில் ஒன்றிரண்டு இந்தக் குணத்தோடு பிறந்திருக்கும். இரையைத் தின்றவை செத்தன, தின்னாதவை தப்பின. சமையலறையில் திரியும் ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் முப்பது நாற்பது குஞ்சுகள். அவை இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். அப்புறம் என்ன, தப்பியவற்றின் வாரிசுகளே வீடு முழுக்க!

காரணம் 2013-ல் தெளிவானது. கரப்பானின் வாயருகே சுவையறியும் நுண்மயிர்கள் உண்டு. அவற்றில் இனிப்புக்கு ஒரு நரம்பணு, கசப்புக்கு வேறொன்று. இந்தப் பரம்பரையில் குளுக்கோஸ் கசப்பு நரம்பணுவையும் தட்டி எழுப்புகிறது. நமக்கு வேப்பங்காய் மாதிரி!

அப்படியானால் என்ன செய்வது? பொட்டின் மேலோ பக்கத்திலோ ஸ்ப்ரே அடித்திருந்தால் நல்ல கரப்பானும் தொடாது. அதை முதலில் பாருங்கள். அது இல்லையென்றால், பழைய ஜெல்லையும் வேறு வகை ஜெல்லையும் சிறு பொட்டாக அருகருகே வைத்துவிட்டு, காலையில் பாருங்கள். பழையது அப்படியே இருந்து புதியது குறைந்திருந்தால், கோளாறு தீனியில். புதிய வகைக்கு மாறிவிடலாம். பழையதையும் நன்றாகத் தின்றுவிட்டு, நாட்கள் போயும் கூட்டம் குறையவில்லையா? அது விஷத்துக்கு வந்த எதிர்ப்பாக இருக்கலாம். அப்போது லேபிளில் விஷத்தின் பெயரைப் படித்து, உதாரணமாக ஃபிப்ரோனில் இருந்தால் இண்டாக்ஸகார்ப் உள்ளதை வாங்க வேண்டும்.

கம்பெனி பெயரை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே அதே தீனி, அதே விஷம் என்றால் காசுதான் தண்டம். புதிய ஜெல்லையும் வருஷக்கணக்கில் விடாமல் வைத்தால், அதை ஒதுக்கும் கரப்பானையும் நாமே பொறுக்கி வளர்த்துவிடுவோம். அதனால் பொட்டு தொடாமல் காய ஆரம்பிக்கும் முன்னரே மாற்றிவிடுங்கள்.