சுருங்கிப் பிறக்கும் துணி

கொல்கத்தாவில் குளிர்காலம் தொடங்கியதும் பெட்டிகளிலிருந்து மங்கி கேப்புகளும் ஸ்வெட்டர்களும் வெளியே வரும். அவற்றை வெந்நீரில் சோப்பிட்டுக் கசக்கக் கூடாது என்பதை வீட்டார் அறிவர். கசக்கினால் பெரியவரின் ஸ்வெட்டர் சிறுவனுக்கும் பற்றாமல் சுருங்கிவிடும். ஒரு துணியைக் கெடுக்கும் இதே செயலால் வேறொரு துணி பிறக்கிறது. அதன் பெயர் ஃபெல்ட். காஷ்மீரத்திலும் இராஜஸ்தானத்தின் டோங்க் நகரிலும் இவ்வாறு செய்யப்படும் விரிப்புக்கு நம்தா என்று பெயர். இதற்கு நூற்பும் வேண்டா, நெசவும் வேண்டா.

கம்பளி இழையின் மேற்புறத்தில் மீன் செதில் போன்ற நுண்செதில்கள் உள்ளன. சூடும் ஈரமும் சோப்பும் சேரும்போது அவை சற்றே விரிகின்றன. தேய்க்கும்போது இழைகள் நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. செதில்களின் அமைப்பால் அவை எளிதில் பின்வாங்குவதில்லை. பருத்தி இழைக்கு இச்செதில்கள் இல்லை.

ஒரு கழுத்துத்துணி செய்வதாகக் கொள்வோம். பாயின் மீது சீவிய கம்பளியை மெல்லிய கற்றைகளாகப் பிய்த்து, கூரை ஓடுகளைப் போல ஒன்றன் விளிம்பின் மேல் மற்றொன்று படியுமாறு பரப்ப வேண்டும். முதல் அடுக்கு நீளவாட்டில் அமைந்தால் இரண்டாவது அடுக்கு குறுக்குவாட்டில் அமைய வேண்டும். ஒரே திசையில் அடுக்கினால் துணி எளிதில் கிழியும். வெளிச்சத்தில் மெலிந்து தெரியும் இடத்தில் இப்போதே கம்பளி சேர்க்க வேண்டும். பின்னர் அது ஓட்டையாகிவிடும்.

அடுக்கின் மேல் வலைத்துணி விரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரைத் தெளித்து, உள்ளங்கையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தொடக்கத்திலேயே அழுத்தினால் இழைகள் இடம் மாறும். நுரை மிகுந்தால் இழைகள் வழுக்கும், சிக்கா. இரு விரல்களால் கிள்ளிப் பார்க்கையில் தனி இழைகள் எழாமல் துணி முழுவதும் சேர்ந்து எழுந்தால், பாயோடு சுருட்டி உருட்டலாம்.

உருட்டும் திசையிலேயே துணி மிகுதியாகச் சுருங்கும். ஆதலால் அவ்வப்போது பிரித்து, திசை மாற்றிச் சுருட்ட வேண்டும். இந்த இறுக்குதலே தளர்ந்த கம்பளியை உறுதியான துணியாக்குகிறது.

எவ்வளவு சுருங்கும்? கம்பளிக்குக் கம்பளி அளவு மாறும். ஆகவே முதலில் ஒரு மாதிரி செய்வது நலம். 15 செ.மீ. சதுரம் 10 செ.மீ. ஆனால், தொடக்க அளவு முடிவு அளவைப் போல் ஒன்றரை மடங்கு. 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட கழுத்துத்துணிக்கு, 180 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமுமாகப் பரப்ப வேண்டும். கம்பளியின் எடை குறைவதில்லை. பரப்பு மட்டுமே 5400 சதுர செ.மீ.யிலிருந்து 2400 ஆகிறது. துணி தடிப்பதும் அதனால்தான். தொப்பிக்கு இன்னும் இறுக்கம் வேண்டும். இல்லையேல் வடிவம் நிற்காது. இறுதியில் சோப்பு போக அலசி, நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். நன்கு இறுகிய ஃபெல்ட்டைக் கத்தரித்தாலும் விளிம்பு பிரியாது.

சொற்பொருள்
கற்றை – தொகுதி. நூற்பு – நூல் நூற்றல். பற்றாமல் – போதாமல்

பயிற்சி
1. பருத்தியைக் கொண்டு நம்தா செய்ய இயலாதது ஏன்?
2. 20 செ.மீ. மாதிரி 15 செ.மீ. ஆனது. 60 செ.மீ. துணி பெற எவ்வளவு நீளத்திற்குக் கம்பளி பரப்ப வேண்டும்?